ஸ்லிப்பைக் காட்டினால் காசு வந்ததாகாது



பெருநாள் சீசன் நெருங்குகிறது. வீட்டில் இருந்து அபாயா தைத்து, வட்டிலப்பம் செய்து, கேக் போட்டு வட்ஸ்அப்பில் விற்கிற எங்கள் ஊர் ராத்தாமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இனித்தான் ஓடர் கூடும். ஓடரோடு ஏமாற்றும் கூடும். அதனால் இதை இப்போதே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் வகுப்பில் வர்த்தகம் படிப்பிக்கிறவர்கள். பின்நேரங்களில் பிள்ளைகளின் உம்மாமார் போனைக் கொண்டு வந்து, "சேர், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். பாட சம்பந்தமாக என்று நினைத்தால் பெரும்பாலும் இல்லை. யாரோ அனுப்பிய ஒரு வங்கி ஸ்லிப்பின் படம். "காசு போட்டதாகச் சொல்கிறார்கள். உண்மையா பொய்யா?" என்பதுதான் கேள்வி. படத்தைப் பார்த்து அதைச் சொல்ல எங்களால் முடியாது, யாராலும் முடியாது. இந்தப் பதிவின் பாதி விஷயம் அதுதான்.

இப்போது ஊரில் எப்படி நடக்கிறது? வாங்குபவர் படத்தைப் பார்த்து "இது வேண்டும்" என்கிறார். விற்பவர் தன் வங்கிக் கணக்கு இலக்கத்தை அனுப்புகிறார். வாங்குபவர் காசை மாற்றிவிட்டு ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புகிறார். விற்பவர் அந்தப் படத்தை நம்பிப் பார்சலைக் கட்டுகிறார். இந்தச் சங்கிலியில் மெலிந்த கண்ணி அந்தப் படம். போனில் உள்ள சாதாரண ஆப் ஒன்றால் பழைய ஸ்லிப்பின் திகதியையும் தொகையையும் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். 650 ரூபா 6,500 ஆகும். சிலர் படத்தை மாற்றவும் தேவையில்லை. நாளைக்குப் போவதற்கு என்று நேரம் குறித்து வைத்த பரிமாற்றத்தின் படத்தை இன்றைக்கு அனுப்பிவிட்டு, பார்சல் புறப்பட்டதும் அதை ரத்துச் செய்துவிடுவார்கள்.

இன்னொன்று இதைவிட நுணுக்கம். உங்கள் கணக்கில் காசோலை ஒன்றை வைப்பிலிடுகிறார்கள். வங்கியில் இருந்து உங்களுக்கே எஸ்எம்எஸ் வருகிறது. அது உண்மையான எஸ்எம்எஸ்தான். ஆனால் காசோலை இன்னும் மாறவில்லை. இரண்டு நாளில் அது திரும்பி வரும்போது பொருள் அவர் கையில் இருக்கும். கணக்கின் மொத்த மீதியைப் பார்க்காமல், எடுக்கக்கூடிய மீதி எவ்வளவு என்று வங்கியின் ஆப்பில் பார்த்தால் இது தெரிந்துவிடும். பார்க்கிறவர்கள் குறைவு.

ஏமாற்றை விடுங்கள். உண்மையாகக் காசு போட்டவர்களாலும் தலையிடிதான். பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரே நாளில் பதினைந்து பேர் 6,500 ரூபா போடுகிறார்கள். கணக்கில் பதினைந்து வரவு. யாருடையது எது? ஓடர் போட்டவர் மனைவி, காசு போட்டவர் கணவர், கணக்கு கணவரின் கடைப் பெயரில். கொப்பியை வைத்துக்கொண்டு இரவு பன்னிரண்டு மணிவரை பொருத்திப் பார்க்கிற ராத்தாமாரை எங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் கொடுப்பனவு லிங்க் வருகிறது. அதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒரு சாரார், "இதெல்லாம் பெரிய கம்பனிக்காரரின் வேலை, நமக்கெதற்கு" என்கிறார்கள். மறுசாரார், யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் லிங்க் அனுப்பத் தொடங்குகிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது எங்கள் கருத்து. லிங்க்கின் முதல் பயன் ஓடரையும் காசையும் ஒன்றாகக் கட்டி வைப்பது. எந்த ஓடருக்கு அந்த வேலை தேவையோ அதற்கு மட்டும் பாவித்தால் இலாபம். மற்றதற்குப் பாவித்தால் வீண் செலவு.

செய்முறை இதுதான். இலங்கையில் பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற நிறுவனங்கள் இணையக் கொடுப்பனவை வாங்கித் தருகின்றன. சில வங்கிகளும் தங்கள் வியாபார வாடிக்கையாளருக்கு இதைச் செய்கின்றன. முதலில் அங்கே வியாபாரியாகப் பதிய வேண்டும். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், என்ன விற்கிறீர்கள் என்ற விளக்கம், உங்கள் பேஸ்புக் பக்கம் ஏதும் இருந்தால் அது எல்லாம் கேட்பார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கேட்கவும் கூடும். அதற்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஆவணங்களைச் சரிபார்த்த பிறகுதான் கணக்குத் திறபடும். பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது தொடங்கினால் பெருநாள் முடிந்துதான் லிங்க் கிடைக்கும்.

கணக்குத் திறந்த பிறகு வேலை சுலபம். போனிலேயே உள்ளே போய் புதிய லிங்க் என்பதை அழுத்தி, தொகை, எதற்கான காசு, ஓடர் இலக்கம் ஆகியவற்றை எழுதினால் ஒரு முகவரி வரும். அதை நகல் எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். வாங்குபவர் அதைத் தொட்டால் உங்கள் கடைப் பெயரும் தொகையும் உள்ள ஒரு பக்கம் திறக்கும். அவர் தன் கார்ட் இலக்கம், முடியும் மாதம், பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றைப் போடுவார். அவருடைய வங்கி அவருடைய போனுக்கு ஓடீபி அனுப்பும். அதையும் போட்டால் முடிந்தது. உங்கள் பக்கத்தில் அந்த ஓடருக்கு நேரே கட்டப்பட்டது என்று விழும். அவரும் ஸ்லிப் அனுப்பத் தேவையில்லை, நீங்களும் படத்தை ஆராயத் தேவையில்லை. கட்டாரில் இருக்கிற மகன் உம்மாவுக்குப் பெருநாள் அபாயா எடுத்துக் கொடுக்க விரும்பினால், அங்கிருந்தே தன் விசா கார்ட்டால் கட்டலாம். வெளிநாட்டுக் கார்ட்டை உங்கள் கணக்கில் அனுமதித்திருக்கிறார்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஆண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பது ராத்தா, சமைப்பது ராத்தா, ஆனால் லிங்க் கணக்கு மச்சானின் பெயரில், காசு போவது மச்சானின் வங்கிக் கணக்குக்கு. கேட்டால், "அவவுக்கு இங்கிலிஷ் தெரியாது, நான்தான் பதிந்தேன்" என்பார்கள். பதிந்து கொடுங்கள், நல்லது. ஆனால் அவருடைய அடையாள அட்டையில், அவருடைய வங்கிக் கணக்குக்குப் பதிந்து கொடுங்கள். உரிமைப் பேச்சை ஒரு பக்கம் வைத்தாலும், தொழில் ரீதியாகவே இது முக்கியம். வாங்குபவர் பேசுவது ஒரு பெயரோடு, லிங்க்கில் தெரிவது வேறு பெயர் என்றால் அவருக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். காசு வந்ததா என்று பார்ப்பதற்கு மச்சான் வேலையால் வரும்வரை காத்திருந்தால் லிங்க் எடுத்ததில் அர்த்தமும் இல்லை. நாளைக்கு அந்த ராத்தா வியாபாரத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் காட்டுவதற்கு அவர் பெயரில் ஒரு வரவும் இருக்காது.

இனிக் கணக்குக்கு வருவோம். லிங்க் இலவசம் இல்லை. கட்டுகிற ஒவ்வொரு தொகையிலும் ஒரு சதவீதத்தை நிறுவனம் கழித்துக்கொள்ளும். நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் அது மாறும். மாதக் கட்டணம் கட்டினால் சதவீதம் குறைகிற திட்டங்களும் இருக்கின்றன. மாதம் பத்து ஓடர் உள்ளவர் மாதக் கட்டணத் திட்டத்துக்குப் போகவே கூடாது. இங்கே கணக்குக்காக 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தா கல்முனை பஜாரில் துணி எடுத்து, அளவுக்கு அபாயா தைத்து வெளியூருக்கு அனுப்புகிறார். ஒன்றின் விலை டிலிவரியோடு 6,500 ரூபா. துணி, கல், நூல், உதவிக்கு வருகிற பிள்ளையின் கூலி எல்லாம் சேர்த்து 4,600. கூரியர் 450. கையில் நிற்பது 1,450. முந்திய சீசனில் பொருள் கிடைத்ததும் காசு என்ற முறையில் இருபது அனுப்பினார். நான்கு திரும்பி வந்தன. ஒருவர் போனை எடுக்கவில்லை, ஒருவர் வீட்டில் இல்லை, ஒருவர் "வேறு இடத்தில் எடுத்துவிட்டோம்" என்றார், ஒருவருக்கு நிறம் பிடிக்கவில்லையாம். விற்ற பதினாறில் வந்தது 23,200 ரூபா. திரும்பிய நான்குக்கும் போன கூரியர்க் காசு 1,800 ரூபாவைக் கழித்தால் 21,400. அது பரவாயில்லை என்று வைப்போம். ஆனால் யாரோ நால்வரின் அளவுக்கு வெட்டித் தைத்த நான்கு அபாயா அலுமாரியில். அதில் முடங்கியது 18,400 ரூபா. கிட்டத்தட்ட அந்த சீசனின் முழு உழைப்பும் அந்த அலுமாரிக்குள் போய்விட்டது. அடுத்த துணிக்குக் கைமாற்று வாங்க வேண்டி வந்தது.

அடுத்த முறை அவர் லிங்க் எடுத்தார். ஆனால் முழுத் தொகைக்கும் லிங்க் அனுப்பவில்லை. 6,500க்கும் அனுப்பியிருந்தால் ஒன்றுக்கு 195 ரூபா கட்டணம் போயிருக்கும். 1,450 இலாபத்தில் 195 என்பது சின்ன வெட்டு இல்லை. அவர் 1,500 ரூபா முற்பணத்துக்கு மட்டும் லிங்க் அனுப்பினார். மீதி 5,000 கூரியரிடம். முற்பணத்துக்குக் கட்டணம் 45 ரூபாதான். கேட்டவர்கள் அதே இருபது பேர். பதினான்கு பேர் அன்றிரவே கட்டினார்கள், மூன்று பேர் மறுநாள். மூன்று பேர் கட்டவே இல்லை. அந்த மூன்றும் வெட்டப்படவும் இல்லை, தைக்கப்படவும் இல்லை. பதினேழு அனுப்பியதில் ஒன்றுதான் திரும்பியது. பதினாறு விற்பனைக்கு 23,200, அதில் லிங்க் கட்டணம் 720 போக 22,480 ரூபா. இலாபத்தில் உள்ள வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான். உண்மையான வித்தியாசம் அலுமாரியில். 18,400 முடங்கிய இடத்தில் 4,600.

திரும்பிய அந்த ஒன்றுக்கு வாங்கிய முற்பணத்தை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். முற்பணத்தை அப்படியே வைத்துக்கொள்வதை ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதிப்பதில்லை, ஹன்பலி மத்ஹபில் அனுமதிக்கிறார்கள். இது எங்கள் பாடம் இல்லை, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ராத்தா கூரியர்க் காசையும் லிங்க் கட்டணத்தையும் மட்டும் கழித்து 1,005 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தார். எதுவானாலும், ஓடர் எடுக்கும்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டை.

கட்டணத்தை வாங்குபவர் தலையில் போடுவது சிலரின் பழக்கம். "கார்ட் என்றால் 3 வீதம் கூட" என்று எழுதி வைக்கிறார்கள். அப்படி வாங்கக் கூடாது. கார்ட் கொடுப்பனவை ஏற்கிற வியாபாரியின் ஒப்பந்தத்துக்கே அது மாறானது. மத்திய வங்கியும் இதைப் பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் விலையை நிர்ணயிக்கும்போது அந்தச் செலவையும் நினைத்து நிர்ணயியுங்கள்.

பக்கத்துத் தெருவில் இருந்து பிள்ளையை அனுப்பி வட்டிலப்பம் வாங்குகிற மாமிக்கு லிங்க் தேவையே இல்லை. அவருக்குக் கைக்காசு போதும். வீட்டு வாசலில் கட்ட விரும்புகிறவருக்கு லங்கா கியூஆர் ஒட்டி வைக்கலாம். பல வருடமாகத் தெரிந்த வாடிக்கையாளர் வங்கிக் கணக்குக்கே போடட்டும், பல வங்கிகளில் அவருக்குப் போகிற செலவு 25 ரூபா மாதிரித்தான். லிங்க் முகம் தெரியாதவருக்கு, வெளியூருக்கு, அளவுக்குச் செய்கிற பொருளுக்கு.

இனி லிங்க்கில் எங்கே பிழைக்கும் என்று பார்ப்போம். முதலாவது, ஒரே லிங்க்கை எல்லாருக்கும் அனுப்புவது. தொகை குறிக்காத பொது லிங்க் ஒன்றை உருவாக்கி வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் 1,500க்குப் பதில் 150 கட்டுகிறார். ஒரே ஒரு துண்டு உள்ள அபாயாவுக்கு இரண்டு பேர் கட்டுகிறார்கள். யார் கட்டியது என்பதும் தெரியாமல் பழைய ஸ்லிப் கதைக்கே திரும்பி வந்துவிடுகிறோம். ஓர் ஓடருக்கு ஒரு லிங்க், அதில் ஓடர் இலக்கம். முடியும் நேரம் வைக்க வசதி இருந்தால் வையுங்கள்.

இரண்டாவது, "கட்டிவிட்டேன், என் வங்கியில் காசு வெட்டிவிட்டது" என்று வாங்குபவர் சொல்வார். உங்கள் பக்கத்தில் கட்டப்படவில்லை என்றோ தோல்வி என்றோ இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. இணைப்பு நடுவில் அறுந்தால் அவருடைய வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைக்கும், சில நாளில் தானாக விடுவிக்கும். அதற்காக நீங்கள் பொருளை அனுப்பவும் வேண்டாம், அவரைக் கள்ளன் ஆக்கவும் வேண்டாம். நிலையை அவருக்குப் படமாக அனுப்பி, தன் வங்கியில் விசாரிக்கச் சொல்லுங்கள். சில வங்கிகளின் டெபிட் கார்ட்டில் இணையக் கொடுப்பனவு பூட்டியிருக்கும். வங்கியின் ஆப்பில் திறக்க வேண்டும். முதல்முறை கட்டுகிறவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

மூன்றாவது, காசு உடனே கைக்கு வராது. கட்டப்பட்டது என்று விழுவதும் உங்கள் வங்கிக் கணக்கில் சேருவதும் ஒன்றல்ல. நடுவில் சில வேலை நாட்கள் போகும். வெள்ளி இரவு கட்டியது திங்கட்கிழமைக்குப் பிறகுதான் அசையும். நடுவில் போயா தினம் வந்தால் இன்னொரு நாள். நாளைக்குத் துணிக்காரருக்குக் கொடுக்கிற காசை லிங்க்கில் எதிர்பார்த்து வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காவதைப் பெரும்பாலானவர்கள் அறிவதில்லை. கார்ட்டால் கட்டியவர், "பொருள் வரவில்லை" என்றோ "நான் கட்டவே இல்லை" என்றோ தன் வங்கியில் முறையிடலாம். வாரங்கள் கழித்தும் முறையிடலாம். அப்போது நிறுவனம் உங்களிடம் ஆதாரம் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் வந்த காசு திரும்பிப் போகும். ஆதாரம் என்றால் கூரியர் ரசீது, பார்சலின் கண்காணிப்பு இலக்கம், வட்ஸ்அப் உரையாடல். சீசன் முடிந்ததும் போனைத் துப்புரவாக்குகிறோம் என்று உரையாடலை அழித்துவிடாதீர்கள். இன்னொன்று, வாங்குபவரின் கார்ட் அறிக்கையில் உங்கள் கடைப் பெயருக்குப் பதில் கொடுப்பனவு நிறுவனத்தின் பெயர் வரக்கூடும். மாத இறுதியில் அவர் "இது என்ன 1,500?" என்று பயந்து முறைப்பாடு போடுவார். எந்தப் பெயரில் வரும் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பினால் அந்த வம்பு இல்லை.

இதுவரை சொன்னது நட்டமும் தலையிடியும். இனிச் சொல்வது ஆபத்து. லிங்க் பழக்கமானதும் கள்ளரும் லிங்க்கோடுதான் வருகிறார்கள். அவர்களின் குறி வாங்குபவர் மட்டும் அல்ல, விற்பவரும்தான்.

பேஸ்புக்கில் ஒரு தையல் மெஷினையோ கட்டிலையோ விற்பனைக்குப் போடுகிறீர்கள். சிறிது நேரத்தில் வட்ஸ்அப்பில் ஒருவர் வருகிறார். விலை பேசவே இல்லை, கேட்ட விலைக்குச் சம்மதம். இதுவே முதல் அடையாளம், நம் ஊரில் விலை பேசாமல் வாங்குகிறவர் யார்? "நான் தூரத்தில் இருக்கிறேன், கூரியர்காரர் வந்து எடுப்பார், காசை அவர்களிடம் கட்டிவிட்டேன், இந்த லிங்க்கில் போய்ப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். லிங்க்கைத் திறந்தால் தெரிந்த கூரியர் நிறுவனத்தின் சின்னம், உங்கள் பொருளின் படம், உங்கள் விலை. கீழே, காசைப் பெற உங்கள் கார்ட் இலக்கத்தைப் போடவும். சில பக்கங்கள் கணக்கில் எவ்வளவு மீதி இருக்கிறது என்றும் கேட்கும். பிறகு ஓடீபி. அதைப் போட்ட நிமிடம் கணக்கில் இருந்து காசு போகிறது. வருவதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

இதை ஒரே ஒரு விஷயத்தால் பிடிக்கலாம். கட்டுகிறவர்தான் கார்ட் இலக்கமும் ஓடீபியும் போடுவார். பெறுகிறவர் போடுவதே இல்லை. மேலே சொன்ன செய்முறையைத் திரும்பப் பாருங்கள், விற்பவர் எங்காவது தன் கார்ட்டைத் தொட்டாரா? இல்லை. உங்களுக்கு வரவேண்டிய காசுக்கு உங்கள் கார்ட்டைக் கேட்கிற எந்தப் பக்கமும் கள்ளப் பக்கம், யாருடைய சின்னம் இருந்தாலும் சரி. வங்கி ஓடீபி எஸ்எம்எஸ்ஸை முழுமையாக வாசியுங்கள். இன்ன தொகை கட்டுவதற்கு என்று அதிலேயே எழுதியிருப்பதுண்டு. அவசரத்தில் நாம் இலக்கத்தை மட்டும் பார்க்கிறோம்.

மாட்டிவிட்டால் முதல் வேலை பேஸ்புக்கில் போஸ்ட் போடுவது அல்ல. கார்ட்டின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, கார்ட்டை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு பொலிஸ். வீட்டில் ஏசுவார்களே என்று பயந்து இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் இன்னும் போயிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் ஏசாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லிங்க் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் முகவரியைப் பாருங்கள். கீழே இரண்டு இருக்கின்றன.

```
https://payhere.lk/pay/...
https://payhere.lk.order.example/pay/...
```

இரண்டிலும் ஒரே பெயர் தெரிகிறது. ஆனால் ஒரு முகவரியின் சொந்தக்காரர் யார் என்பது, தனிச் சாய்கோடு முதலில் வருகிற இடத்துக்கு உடனே முன்னால் உள்ள பகுதியில்தான் இருக்கிறது. முதலாவதில் அது `payhere.lk`. இரண்டாவதில் அது `order.example`, அதற்கு முன்னால் உள்ள பெயர் வெறும் ஒட்டு. இதை நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம், பிள்ளைகள் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் இரண்டு தடவை வேண்டியிருக்கிறது. முகவரி சரியாக இருந்தாலும், பக்கத்தில் தெரிகிற கடைப் பெயர் நீங்கள் பேசிய கடைதானா என்று பாருங்கள். நல்ல நிறுவனத்தில் கள்ள வியாபாரியும் பதிந்திருக்கலாம்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "முற்பணம் கேட்கிறா, எங்களை நம்பவில்லையா?" என்று. கொழும்பில் பெயர் பெற்ற கடையின் இணையத்தளத்தில் முழுக்காசையும் முன்கூட்டியே கட்டிவிட்டு ஒரு வாரம் காத்திருக்கிறோம். அங்கே நம்பிக்கைப் பேச்சு வருவதில்லை. ஊரில் ஒரு பெண் 4,600 ரூபா சொந்தக் காசைப் போட்டு உங்கள் அளவுக்குத் துணியை வெட்டுவதற்கு முன் 1,500 கேட்டால் அது மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. வெட்டிய துணி வேறு யாருக்கும் பொருந்தாது. அவர் உங்களை நம்பித்தான் மீதி 3,100 ரூபாவைத் தன் கையில் இருந்து போடுகிறார்.

விற்கிறவர்களுக்கு உதவியாக அந்த ராத்தா அனுப்புகிற மெசேஜை அவருடைய அனுமதியோடு இங்கே போடுகிறோம். உங்கள் பொருளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஓடர் 14. கறுப்பு அபாயா, 54 இஞ்சி. டிலிவரியோடு 6,500 ரூபா. முற்பணம் 1,500 ரூபாவைக் கீழே உள்ள லிங்க்கில் நாளை இரவு 10 மணிக்குள் கட்டவும். லிங்க்கில் எங்கள் கடைப் பெயர் தெரியும், கார்ட் அறிக்கையில் கொடுப்பனவு நிறுவனத்தின் பெயர் வரலாம். மீதி 5,000 ரூபா கூரியரிடம். தைக்கத் தொடங்கிய பின் வேண்டாம் என்றால் கூரியர்ச் செலவும் லிங்க் கட்டணமும் கழித்து மீதியைத் தருவோம். ஸ்லிப் அனுப்பத் தேவையில்லை, கட்டியதும் எங்களுக்குத் தெரியும். உங்கள் ஓடீபியை நாங்கள் கேட்கமாட்டோம்."

பதிவதில் சிக்கல் உள்ளவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வரலாம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வியாபாரப் பதிவு இருந்தால் அது, இவற்றைக் கொண்டு வாருங்கள். கார்ட்டின் பின்பக்க இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் எங்களுக்கும் சொல்ல வேண்டாம். உங்கள் போனில் நீங்களே அழுத்துங்கள், நாங்கள் பக்கத்தில் இருந்து வழி சொல்கிறோம்.